சாமி பெயர் எந்த வரியில் வர வேண்டும்: ஒரு தீபாவளி வாழ்த்தை எழுதிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு, லயங்களில் ஒன்றாக வாழ்ந்த எங்கள் மக்கள் நகரைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளான் பக்கமும் பிரிந்து சென்றுவிட்டார்கள். அவர்களை ஒன்றாக வைத்திருக்க ஒரு நலச் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு அச்சிட்ட வாழ்த்து அட்டை ஒன்றைப் பழைய தோட்டத்துக் குடும்பங்களுக்கெல்லாம் அனுப்பி வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற காரணத்தால், செயலாளர் என்ற முறையில் அதன் வாசகத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அட்டையைப் பெறுபவர்களில் கணிசமானவர்கள் சமயப் பற்று இல்லாதவர்கள் என்பதால், அதில் கடவுளைப் பற்றி எவ்வளவு எழுதலாம், எந்த இடத்தில் எழுதலாம் என்பதைக் குழுவினரோடு பல முறை பேசித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுகளிலிருந்து நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சமயப் பற்று இல்லாதவர் என்று பொதுவாகச் சொன்னாலும், எங்கள் ஊரில் அது ஒரே வகையான மனிதரைக் குறிப்பதில்லை. பரம்பரையாகவே பகுத்தறிவுக் கொள்கையில் வளர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. 1929ஆம் ஆண்டில் பெரியார் மலாயாவுக்கு வந்து போன காலத்திலிருந்து சுயமரியாதைக் கருத்துகள் இந்நாட்டுத் தமிழரிடையே வேர்விட்டிருக்கின்றன. தாலியில்லாமல் மணம் செய்துகொண்ட பாட்டன் பாட்டியின் படம் கூடத்தில் மாட்டியிருக்கும் வீடுகள் எங்கள் பட்டியலிலும் உண்டு. அவர்களுக்குச் சமயம் வேண்டாம் என்பது நன்றாக யோசித்து எடுத்த முடிவு. இரண்டாவது வகையினர் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்களுக்குக் கோயில் மீது விரோதம் எதுவும் இல்லை, ஈடுபாடும் இல்லை. பண்டிகைக்கு வீடு திரும்புவதுதான் அவர்களுக்குத் தீபாவளி. மூன்றாவது வகையினர் தொகையில் மிகக் குறைவு, ஆனால் எழுதும்போது நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது அவர்களைத்தான். ஏதோ ஓர் இழப்புக்குப் பிறகு சாமி கும்பிடுவதை நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள்.

இதற்கு முன் சங்கம் பயன்படுத்தி வந்த வாசகம் ஒரு கோயில் அழைப்பிதழிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் அமைப்பு வாசகர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் லட்சுமியின் வண்ணப் படம்; பிறகு கண்ணபிரான் நரகாசுரனை வதம் செய்த திருநாளை நாம் அனைவரும் போற்றி வணங்குவோம் என்று ஒரு வாக்கியம்; எல்லாம்வல்ல இறைவன் அருளால் நாம் இந்த ஆண்டும் நலமுடன் இருக்கிறோம் என்று இன்னொன்று; முடிவில் இறைவன் சகல சௌபாக்கியங்களும் அருள்வானாக என்று ஒரு வேண்டுதல். இந்த வாசகத்தைக் கண்டு பகுத்தறிவுக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சந்தையில் என்னிடம், “தம்பி, ஒருத்தனைக் கொன்னதுக்கு எனக்கு ஏன் வாழ்த்துச் சொல்றீங்க? நான் அவன் பக்கத்து ஆளு” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் விளையாட்டாகவும் கேட்கவில்லை. நரகாசுரனை ஆரியரால் வீழ்த்தப்பட்ட திராவிட மன்னனாகப் பார்க்கும் ஒரு வாசிப்பு திராவிட இயக்கத்தில் நெடுங்காலமாக உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

புதிய வாசகத்தை எழுத உட்கார்ந்தபோது குழுவில் முதலில் எழுந்த யோசனை, சமயச் சொற்களை எண்ணிப் பார்த்துப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்பது. அந்த வழியில் போனால் எதுவும் சரியாகாது என்று நான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பிள்ளையார் சுழியும், நரகாசுரன் வாக்கியமும், இறைவன் அருளால் நலமாக இருக்கிறோம் என்ற வாக்கியமும் வாசிப்பவர் மீது ஒரே அளவு பாரத்தை ஏற்றுவதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, இந்த வரியில் நம்புகிறவர் யார், எழுதுகிறவரா அல்லது வாசிப்பவரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வாசிப்பவருடைய நம்பிக்கையை அவரைக் கேளாமல் எழுதிவிடும் வரிதான் அவரை உறுத்தும்; எழுதுகிறவருடைய நம்பிக்கையைச் சொல்லும் வரி பெரும்பாலும் உறுத்துவதில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பிள்ளையார் சுழி நீடிக்கலாம். அது எழுதுகிறவர் தம் பழக்கப்படி தாளில் முதலில் இடும் குறி. வாசிப்பவரிடம் அது எதையும் கேட்பதில்லை. பட்டியலில் உள்ள சுயமரியாதைக்காரர்கள் யாரும் சுழியைப் பற்றி இதுவரை முறையிட்டதில்லை. “நாம் அனைவரும் போற்றி வணங்குவோம்” என்பது அப்படியல்ல. அது வாசிப்பவரையும் கூட்டத்தில் சேர்த்துக் கைகூப்ப வைக்கிறது. வணங்குகிறவர் நாங்கள் என்று எழுதும்போது அவர் விலகி நிற்க இடம் கிடைக்கிறது. நாம் என்று எழுதும்போது அந்த இடம் போய்விடுகிறது. சமய உள்ளடக்கத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அதைவிட நுட்பமானது “இறைவன் அருளால் இந்த ஆண்டும் நலமுடன் இருக்கிறோம்” என்ற வாக்கியம். பார்வைக்கு மென்மையானது, யாருக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது என்று குழுவில் எல்லாரும் நினைத்தார்கள். பட்டியலில் உள்ள ஓர் அம்மாவின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். ஓராண்டுத் துக்கம் கழிந்து, அடுத்த தீபாவளிக்கு அவருக்கும் அட்டை போயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு அவர் வீட்டுக்கு நான் போயிருந்தபோது, பேச்சினிடையே, “உங்களையெல்லாம் சாமி நல்லா வச்சிருக்குன்னு எழுதியிருந்தீங்களே அண்ணே, நல்லா இருங்க” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நடந்து முடிந்த ஒன்றுக்குக் கடவுளைக் காரணமாகச் சொல்லும்போது, அது நடக்காத வீட்டுக்கு நாம் என்ன சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். அவன் எங்களைக் காத்தான் என்றால், உங்களை ஏன் காக்கவில்லை என்ற கேள்வி அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே வரப்போவதைப் பற்றிய வேண்டுதலை வைத்துக்கொள்ளலாம், நடந்ததைப் பற்றிய காரணத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் பிரித்துக்கொண்டேன். “நலமாக இருக்க வேண்டுகிறோம்” என்பதை நம்பிக்கையற்றவரும் அன்பாக எடுத்துக்கொள்வார். “அருளால் நலமாக இருக்கிறோம்” என்பதை அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை.

நரகாசுரன் கதையை முழுவதுமாக நீக்கிவிட்டோம். அதற்குப் பகுத்தறிவாளர்களின் மறுப்பு மட்டுமே காரணம் அன்று. தீபாவளிக்குச் சொல்லப்படும் கதை ஒன்றல்ல. நம்மவர் நரகாசுர வதத்தைச் சொல்ல, வடநாட்டவர் இராமன் அயோத்தி திரும்பியதைச் சொல்கிறார்கள், சமணர்கள் மகாவீரர் முக்தி அடைந்த நாள் என்கிறார்கள். பக்தியுள்ள குடும்பங்களே அந்தக் காலையில் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. விடியுமுன் எழுந்து, மூத்தவர் கையால் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, குளித்து, புதுத்துணி உடுத்தி, இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிறார்கள். வாழ்த்தில் கதையை எடுத்துவிட்டால் பக்தர்கள் எதையும் இழப்பதில்லை. எங்கள் கோயில் பூசாரிகூட அதைத் தேடவில்லை.

படத்தைப் பற்றித்தான் நீண்ட விவாதம் நடந்தது, அதில் முடிவைச் சொன்னவர் நான் எதிர்பார்க்காத ஒருவர். அட்டையைத் திறக்கும் முன்னரே கண்ணில் படுவது படம் என்பதால், உள்ளே எவ்வளவு கவனமாக எழுதினாலும் வாழ்த்தின் சமய அளவைப் படம் தீர்மானித்துவிடுகிறது. லட்சுமி படத்துக்குப் பதிலாகக் குத்துவிளக்கு போடலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். பக்தர்கள் வருத்தப்படுவார்களே என்று மற்றவர்கள் தயங்கினார்கள். அப்போது கோயில் நிர்வாகத்தில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்த பெரியவர், “வாத்தியாரே, சாமி படத்தை நான் எங்கே கொண்டு போய்ப் போடறது? குப்பையிலயும் போட முடியல, எரிக்கவும் மனசு வரல. அலமாரியில பழைய காலண்டரும் பத்திரிகையுமா நிறைஞ்சு கிடக்கு. விளக்கே போடுங்க” என்றார். சாமி படத்தைக் காலில் படாமல் காப்பாற்றும் கவலை பக்தருக்கே உரியது. நம்பிக்கையற்ற வீட்டில் அதே அட்டை தேநீர்க் குவளைக்கு அடியில் கிடக்கலாம் என்பதும் அவர் வருத்தங்களில் ஒன்று. ஆகவே தெய்வப் படத்தைத் தவிர்ப்பது பக்தர்களிடமிருந்து எதையோ பறிப்பது என்று நினைப்பவர்கள், முதலில் அவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவையும் நீக்கிய பின் வேறோர் ஆபத்து வந்தது. சமயம் போன இடத்தில் “இருள் நீங்கி ஒளி பிறக்கட்டும், எங்கும் மகிழ்ச்சி பொங்கட்டும்” என்ற வகை வாக்கியங்கள் வந்து நிரம்பின. வங்கியும், துணிக்கடையும், தேர்தலில் நிற்பவரும் பதாகையில் எழுதும் வாசகம் இது. யாரையும் இது புண்படுத்தாது, யாரையும் தொடவும் தொடாது. கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை மகன் அந்த வரைவைப் படித்துவிட்டு, “மாமா, இது நம்ம தோட்டத்துல இருந்து வந்த மாதிரி இல்லையே” என்றான். கோயில் பக்கம் போகாத பிள்ளை அவன். சாமி இல்லை என்பதை அவன் கவனிக்கவே இல்லை, தோட்டம் இல்லை என்பதைத்தான் கவனித்தான். நம்பிக்கையற்றவருக்கு எழுதுகிறோம் என்று எண்ணிச் சமயத்தை மட்டும் வெட்டிக்கொண்டே போனால், பண்டிகையும் கூடவே போய்விடும். வெட்டிய இடத்தில் இருவருக்கும் பொதுவான, கண்ணால் பார்த்த பொருள்களை வைக்க வேண்டும்.

அப்படிப் பொதுவானவை தீபாவளியில் நிறையவே உண்டு. அவற்றில் முக்கியமானது முன்னோர் படையல். எங்கள் ஊரில் தீபாவளிக்கு முன்னதாக, பெரும்பாலும் முதல் நாள் மாலையில், இறந்துபோனவர்களுக்கு வாழையிலை போட்டு, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்பார்கள். ஆட்டுக்கறி, கோழி, முறுக்கு, தாத்தாவுக்குச் சுருட்டு, இன்னொருவருக்கு ஒரு பாட்டில் கறுப்புப் பீர் என்று இலையைப் பார்த்தாலே அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும். நான் அறிந்த பகுத்தறிவுக் குடும்பம் ஒன்றில் சூடம் காட்டுவதில்லை, மந்திரம் இல்லை; ஆனால் தந்தையின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த உணவை வைத்து, பிறகு எல்லாரும் கூடி உண்கிறார்கள். பக்தர் அதை வழிபாடு என்கிறார், இவர்கள் நினைவு என்கிறார்கள். செய்கிற காரியத்தில் பெரிய வேற்றுமை இல்லை. ஆகவே வாழ்த்தில் இறந்துபோன பெரியவர்களை நினைக்கும் ஒரு வாக்கியம் இருந்தால், இரு தரப்பினரும் அதைத் தத்தம் வழியில் வாசித்துக்கொள்கிறார்கள். எண்ணெய் வைப்பதும் இப்படித்தான்.

கடைசியில் நாங்கள் அச்சிட்ட வாசகம் இது:

“அன்புடையீர், வணக்கம். லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் முறுக்குச் சட்டி காய்ந்த நாட்களை நினைத்துக்கொண்டு இந்த வாழ்த்தை எழுதுகிறோம். விடியுமுன் எழுப்பி நம் தலையில் எண்ணெய் வைத்த பெரியவர்கள் பலர் இன்று இல்லை. அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேரவும், உங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவும் வாழ்த்துகிறோம். தோட்டத்து மாரியம்மனிடம் நாங்கள் வேண்டும்போது உங்கள் குடும்பத்தையும் நினைத்துக்கொள்வோம். தீபாவளி நல்வாழ்த்துகள்.”

இதில் சாமி பெயர் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறது, அதுவும் கடைசிக்கு முந்திய இடத்தில். தொடக்கத்தில் வைத்திருந்தால் பின்வரும் அனைத்தும் அதன் நிழலில் வாசிக்கப்பட்டிருக்கும். முடிவில் வைத்திருந்தால் வாழ்த்தே அருளாசியாகிவிடும். அதற்குப் பின் பொதுவான வாழ்த்து வந்து முடிப்பதால், சாமி வரியை மனத்தில் தாண்டிப் போக விரும்புகிறவருக்கும் முடிவு ஒன்று மீதமிருக்கிறது. வேண்டுகிறவர்கள் நாங்கள் என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது.

“எல்லாம்வல்ல இறைவன்” என்பதை எடுத்துவிட்டுத் தோட்டத்து மாரியம்மனை எழுதியதைச் சிலர் வியப்பாகப் பார்த்தார்கள். குறிப்பிட்ட தெய்வத்தின் பெயரைவிடப் பொதுவான சொல்தான் நம்பிக்கையற்றவருக்குப் பொருத்தம் என்று அவர்கள் எண்ணினார்கள். என் அனுபவத்தில் அது நேர்மாறாக இருந்தது. எல்லாம்வல்ல இறைவன் என்பது உலகம் முழுவதையும் பற்றிய ஒரு கூற்று. அதை ஒருவர் ஏற்கவோ மறுக்கவோதான் முடியும். தோட்டத்து மாரியம்மன் எங்கள் எல்லாருடைய பிள்ளைப்பருவத்திலும் இருந்த ஓர் இடம். திருவிழாவுக்கு அரிசி மூட்டை சுமந்தவர்களில், சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சந்தையில் என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் புதிய அட்டையைப் படித்துவிட்டு, “நீங்க கும்பிடுங்க தம்பி, நான் ஒன்னும் சொல்லல. அந்தக் கோயில் திடல்லதான் நான் பந்து விளையாடினேன்” என்றார். ஆனால் இந்த வழி ஒரே தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கிடையில்தான் செல்லும். அந்தக் கோயிலையே பார்த்திராத மருமகளுக்கோ, வேறு மாநிலத்து நண்பருக்கோ எழுதும்போது மாரியம்மன் வெறும் பக்தி வரியாகவே நிற்பாள். அங்கே அந்த வாக்கியத்தை விட்டுவிடுவதே நல்லது.

மறுபக்கத்திலிருந்தும் குறை வந்தது. ஒரு வாக்கியம் மட்டும்தானா என்று பக்தியுள்ள சிலர் வருந்தினார்கள். இரண்டு வகை அட்டை அச்சிட்டு, அவரவருக்கு ஏற்றதை அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். நான் அதற்கு உடன்படவில்லை. எங்கள் ஊரில் ஒரே வீட்டில் தாய் விரதம் இருப்பார், மகன் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டான். அடுத்தடுத்த வீடுகளில் அட்டைகள் கைமாறும். யார் பக்தர், யார் இல்லை என்று சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது என்பது தெரிந்தால், அதன் பிறகு எந்த வாழ்த்தும் எடுபடாது. அதற்குப் பதிலாக, அட்டையின் கீழ்ப்பாகத்தில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு அச்சிட்டோம். அட்டையைக் கொண்டு போய்க் கொடுக்கும் குழு உறுப்பினர் தம் கையால் அதில் ஒரு வரி எழுதுவார். பொருளாளருக்கு “வேலவன் துணையிருக்க வேண்டுகிறேன்” என்று எழுதினேன். மகனை இழந்த அம்மாவுக்கு, “தம்பி நட்ட மாமரம் இந்த வருடமும் காய்த்திருப்பதைப் பார்த்தேன்” என்று எழுதினேன். அச்சில் வருவது எல்லாருக்கும் பொருந்த வேண்டும். கையெழுத்து ஒருவருக்குப் பொருந்தினால் போதும். பக்தியை வேண்டிய அளவு ஊற்றக்கூடிய இடம் அந்தக் கையெழுத்து வரிதான்.

யாருக்கு என்ன எழுதுவது என்பதை எப்படி அறிவது என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நெற்றியில் திருநீறு இல்லாததை வைத்து முடிவு செய்யக் கூடாது. கோயிலுக்கே போகாதவர் ஒரு நேர்த்திக்காகத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதுண்டு. முனீஸ்வரர் மரத்தைக் கடக்கும்போது மட்டும் கை தானாக உயரும் நாத்திகரையும் எனக்குத் தெரியும். நம்பகமான குறி அவர் நமக்கு எழுதும் மறுமொழி. “சாமி புண்ணியத்தில் நலம்” என்று எழுதுகிறவருக்கு அதே மொழியில் எழுதலாம். “அனைவருக்கும் பண்டிகை வாழ்த்துகள்” என்று மட்டும் எழுதுகிறவர் தமக்கு வசதியான அளவைக் காட்டிவிட்டார். அதற்கு மேல் ஒரு படி போகாதிருப்பது மரியாதை. மறுமொழியே வராதவர் விஷயத்தில் எதையும் ஊகிக்காமல் சாப்பாட்டையும் பிள்ளைகளையும் பற்றி எழுதலாம்.

பொங்கலுக்கு இந்தச் சிரமம் பெரும்பாலும் இல்லை. தமிழ் முரசு நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கி, பொங்கலைச் சமயம் கடந்த தமிழர் விழாவாக முன்வைத்தார். அதன் தாக்கம் மலாயாவிலும் நன்றாகவே பரவியது. ஆகவே இங்கே பொங்கல் வாழ்த்தில் உழைப்பும் கதிரும் சூரியனும் போதும். தீபாவளியை அப்படி மாற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. பக்தருக்கு அது பக்தி நாள்தான், அதை மறைத்து எழுதினால் அவர்களுக்கு நேர்மையாக நடந்தவர்களாக மாட்டோம்.

சாமியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் பட்டியலில் ஒருவர் இருக்கிறார். அந்த வரியை அடித்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்டார்கள். அடித்த வரி அச்சிட்ட வரியைவிட அதிகமாகக் கண்ணில் படும் என்பதால் அதைச் செய்யவில்லை. அவருக்கு அட்டை அனுப்புவதற்குப் பதிலாக, தீபாவளிக்கு முதல் நாள் நானே தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகள் வந்துவிட்டார்களா, ஆட்டுக்கறி எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று பேசிவிட்டு வாழ்த்துச் சொல்கிறேன்.